கனடா விசிட்டர் விசா: ஏஜென்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்

போன வருஷம் என் பெண்ணின் அரங்கேற்றத்துக்கு ஊரிலிருந்து அக்கா குடும்பத்தை ஸ்கார்பரோவுக்கு அழைத்திருந்தேன். அக்கா, மாமா, 17 வயசுப் பெண், 12 வயசுப் பையன், ஆக நாலு பேர். ஒருநாள் காலையில் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். திருச்சியில் ஒரு ஏஜென்ட் கொடுத்த கொட்டேஷன். மொத்தம் 1,70,000 ரூபாய், அதில் பாதியை மறுநாளுக்குள் கட்டினால்தான் "ஸ்லாட்" கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, கட்டிடவா?" என்று கீழே ஒரு வரி.

கட்டாதே அக்கா, ஒரு மணி நேரம் கொடு என்று சொல்லிவிட்டு அந்தத் தாளோடு உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கனடா விசிட்டர் விசாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன், அதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கனடா அரசின் கட்டணம் டாலரில் எல்லாருக்கும் ஒன்றுதான், திருச்சியிலிருந்து போட்டாலும் யாழ்ப்பாணத்திலிருந்து போட்டாலும் மாறாது. அதனால் இந்தக் கணக்கு இரண்டு ஊர்க்காரர்களுக்கும் பொருந்தும்.

முதலில் கொட்டேஷனை வரி வரியாக எழுதி வாங்குங்கள்

"எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சார்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். மொத்தத் தொகையை எதனோடும் ஒப்பிட முடியாது. அரசுக்குப் போவது எவ்வளவு, விசா மையத்துக்கு எவ்வளவு, ஏஜென்டின் சொந்தக் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது, தாளிலோ மெயிலிலோ வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

அக்காவுக்குக் கிடைத்த தாளில் இப்படி இருந்தது. எம்பசி ஃபீஸ், மல்டிபிள் என்ட்ரி, ஆளுக்கு 12,500 வீதம் 50,000. பயோமெட்ரிக், ஆளுக்கு 7,500 வீதம் 30,000. வி.எஃப்.எஸ். அப்பாயின்ட்மென்ட், ஆளுக்கு 3,500 வீதம் 14,000. ஃபைல் ஓப்பனிங் 10,000. அழைப்புக் கடிதம் அட்டெஸ்டேஷன் 6,000. சர்வீஸ் சார்ஜ், ஆளுக்கு 15,000 வீதம் 60,000. கூட்டினால் 1,70,000 சரியாக வருகிறது. கூட்டலில் தப்பே இல்லை, ஆனால் வரிகளில் இருக்கிறது.

அரசின் விலைப்பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள்

கூகுளில் "கனடா விசா ஃபீஸ்" என்று தேடினால் மேலே வருவதில் பாதி விளம்பரம், அதிலும் மேப்பிள் இலையும் சிவப்பு வெள்ளையும் போட்டு அரசுத் தளம் மாதிரியே இருக்கும். அதனால் தேடாதீர்கள். முகவரிப் பெட்டியில் canada.ca என்று நீங்களே அடித்து, குடிவரவுப் பகுதிக்குள் போய் Fee list என்ற பக்கத்தைத் திறங்கள். கனடா மத்திய அரசின் குடிவரவுத் துறைத் தளங்களின் பெயர் canada.ca என்றோ gc.ca என்றோதான் முடியும். இடையில் கோடு போட்டு, பின்னால் .com, .org என்று வந்தால் அது யாரோ ஒரு தனியாருடைய கடை.

அந்தப் பட்டியலில் Visitor visa என்று இருக்கும் வரியைப் பாருங்கள். நான் கணக்குப் போட்டபோது ஒரு ஆளுக்கு 100 கனடிய டாலர். பயோமெட்ரிக், அதாவது கைரேகையும் போட்டோவும் எடுப்பதற்கு, தனி ஆளுக்கு 85 டாலர். விசிட்டர் விசாவுக்கு அரசு வாங்குவது இந்த இரண்டு கட்டணம்தான். ஃபைல் ஓப்பனிங் என்று ஒரு வரி அந்தப் பக்கத்தில் எங்குமே கிடையாது. எம்பசி ஃபீஸ் என்ற பெயரிலும் எதுவும் இல்லை. விண்ணப்பம் ஆன்லைனில் போகிறது, பணமும் ஆன்லைனில் கார்டு மூலம் போகிறது, எம்பசி கவுன்டரில் யாரும் உட்கார்ந்து வாங்குவதில்லை.

கட்டணம் அவ்வப்போது மாறும், அதனால் நான் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பணம் கட்டும் நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பார்த்ததைத் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், அப்புறம் ஏஜென்டோடு பேசும்போது "ரேட் ஏறிடுச்சு" என்ற பேச்சு எடுபடாது.

பட்டியலின் சின்ன எழுத்து

ஏஜென்ட் ஆளுக்கு இவ்வளவு என்று தலையை எண்ணிப் பெருக்குவார். அரசு அப்படிப் பெருக்குவதில்லை. பயோமெட்ரிக்குக்குக் குடும்பக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. ஒரே குடும்பம் ஒரே நேரத்தில் சேர்ந்து விண்ணப்பித்தால், எத்தனை பேர் இருந்தாலும் மொத்தம் 170 டாலருக்கு மேல் போகாது. அது போக, 14 வயசு ஆகாத பிள்ளைகளும் 79 வயசைத் தாண்டியவர்களும் பயோமெட்ரிக் கொடுக்கவே வேண்டாம். அக்காவின் பையனுக்கு 12 வயசு. அவன் கைரேகைக்கும் சேர்த்து 7,500 ரூபாய் போட்டிருந்தார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். விசிட்டர் விசாவுக்கோ, படிப்புக்கோ, வேலைக்கோ ஏற்கெனவே கனடாவுக்குப் பயோமெட்ரிக் கொடுத்திருந்தால் அது 10 வருஷம் செல்லும். பழைய விசா ரிஜெக்ட் ஆகியிருந்தாலும் கைரேகை செல்லும். செல்லுபடி எந்தத் தேதி வரை என்று குடிவரவுத் துறையின் தளத்திலேயே பார்க்கலாம். இரண்டாவது முறை போடுபவர்களிடம் இந்தப் பணத்தை மறுபடியும் வாங்குவது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது.

விசிட்டர் விசாக் கட்டணத்துக்கும் குடும்ப உச்சவரம்பு உண்டு, ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து போட்டாலும் 500 டாலர்தான். அக்கா வீட்டில் நாலு பேர் என்பதால் அது எங்களுக்குப் பயன்படவில்லை.

அப்புறம் இந்த "மல்டிபிள் என்ட்ரி". இதில் நானே ஏமாந்தவன். சில வருஷம் முன்னால் அப்பா அம்மாவை அழைத்தபோது ஊரில் ஒரு ஏஜென்ட், சிங்கிள் என்ட்ரிக்கு ஒரு ரேட், மல்டிபிளுக்கு இன்னொரு ரேட் என்று சொல்லி ஆளுக்கு 8,000 ரூபாய் கூடுதலாக வாங்கினார். நானும் இது நியாயம்தானே என்று நினைத்து அனுப்பிவிட்டேன். இரண்டுக்கும் கட்டணம் ஒன்றே. எந்த விசா கொடுப்பது என்று அதிகாரிதான் முடிவு செய்கிறார், காசு கூடக் கொடுத்து வாங்குகிற பொருள் அது இல்லை. பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கான சூப்பர் விசாவுக்கும் அதே 100 டாலர்தான். அதில் செலவு கூடுவது மருத்துவக் காப்பீட்டாலும் மருத்துவப் பரிசோதனையாலும். அந்த இரண்டையும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் டாக்டருக்கும் நேராகக் கட்டலாம், ஏஜென்ட் கை வழியாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆறு மாசத்துக்குள் திரும்புகிற சாதாரண விசிட்டருக்குப் பொதுவாக மருத்துவப் பரிசோதனையே கேட்பதில்லை.

விசா மையத்துக்குப் போகும் காசு

வி.எஃப்.எஸ். என்பது கனடா அரசு ஒப்பந்தம் கொடுத்திருக்கும் தனியார் நிறுவனம். விசா கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் இல்லை. கைரேகை எடுப்பார்கள், பாஸ்போர்ட்டை வாங்கி அனுப்பித் திருப்பித் தருவார்கள். பயோமெட்ரிக் எடுக்கும் செலவு அந்த 85 டாலரிலேயே அடங்கிவிட்டது. அரசுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பம் போன பிறகு ஒரு கடிதம் உங்கள் கணக்குக்கு வரும், அதை வைத்து visa.vfsglobal.com தளத்தில் நேரம் குறித்துக்கொள்ளலாம். நேரம் குறிப்பதற்குக் காசு இல்லை. அதாவது அக்காவிடம் கேட்ட "அப்பாயின்ட்மென்ட்" 14,000 ரூபாய் எதற்கும் இல்லாத பணம். விண்ணப்பமே போடாமல், கடிதமே வராமல், நாளைக்குள் ஸ்லாட் பிடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தியதும் பொய் என்று இதிலிருந்தே தெரிந்துவிட்டது.

விசா ஒப்புதல் ஆன பிறகு பாஸ்போர்ட்டை ஸ்டாம்பிங்குக்கு அனுப்பும்போது வி.எஃப்.எஸ். ஒரு சேவைக் கட்டணம் வாங்கும். அது உண்மையான செலவு, தொகை அவர்கள் தளத்தில் ரூபாயிலேயே போட்டிருக்கும், கட்ட வேண்டியது அந்தக் கட்டத்தில்தான். எஸ்.எம்.எஸ்., கூரியர், பிரீமியம் லவுஞ்ச் எல்லாம் விருப்பம் இருந்தால் மட்டும். இவற்றில் எதை வாங்கினாலும் விசா சீக்கிரம் வராது.

இப்போது கூட்டிப் பாருங்கள்

நாலு பேருக்கு விசாக் கட்டணம் 400 டாலர். பயோமெட்ரிக் குடும்பக் கட்டணம் 170 டாலர். மொத்தம் 570. அன்றைக்கு டாலர் 62 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டேன், 35,340 ரூபாய். வெளிநாட்டுக் கட்டணத்துக்குக் கார்டு வங்கி மூன்றரை சதவீதம் மாதிரி சேர்க்கும், அதையும் போட்டால் 36,500 ரூபாய் சொச்சம்.

ஏஜென்ட் இதே இரண்டு வரிக்குப் போட்டிருந்தது 80,000. இங்கேயே 43,500 ரூபாய் வித்தியாசம். அப்பாயின்ட்மென்டும் ஃபைல் ஓப்பனிங்கும் சேர்த்து இன்னொரு 24,000. அழைப்புக் கடிதம் நான் இங்கே உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியது, அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. விசா அலுவலகம் கேட்டால் மட்டும் நோட்டரி வைக்க வேண்டும், அதுவும் அழைக்கிற நான்தான் இங்கே வைக்க வேண்டும். திருச்சியில் யார் எதை அட்டெஸ்ட் செய்வார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ஆக அந்த 6,000-மும் சேர்ந்து, 73,500 ரூபாய் அரசின் பெயரைச் சொல்லிக் கேட்ட பணம். சர்வீஸ் சார்ஜ் 60,000 இதற்கு வெளியே.

ரூபாய் மதிப்பு மாறுவதால் ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் அரசுக் கட்டணம் என்று எழுதிய வரி, உண்மைத் தொகையைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று இருந்தால் அதை டாலர் ரேட்டால் விளக்க முடியாது.

சர்வீஸ் சார்ஜ் கேட்பது தப்பில்லை, ஆனால் யார் கேட்கிறார்கள்?

ஏஜென்ட் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். கனடா அரசு அதற்கு ஒரு விலை நிர்ணயிக்கவில்லை, நீங்கள் பேசி முடிவு செய்கிற விஷயம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு விஷயத்தில் ஆலோசனை சொல்லவோ உங்கள் சார்பில் விண்ணப்பம் போடவோ எல்லாருக்கும் உரிமை கிடையாது. கனடாவின் குடிவரவுச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. கனடிய மாகாண வழக்கறிஞர் சங்கங்களின் உறுப்பினர்கள், கியூபெக் நோட்டரிகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள், இவர்களுக்குத்தான் அந்த உரிமை. ஆலோசகர்களை ஆர்.சி.ஐ.சி. என்பார்கள், R என்ற எழுத்தில் தொடங்கும் உரிம எண் இருக்கும்.

அந்த எண்ணைக் கேளுங்கள். வாங்கி college-ic.ca தளத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது, இப்போது தொழில் செய்ய அனுமதி இருக்கிறதா, இடைநீக்கமா, ரத்தா என்பதும் அங்கே தெரியும். இன்னும் ஒரு படி போங்கள். பதிவேட்டில் உள்ள போன் எண்ணுக்கோ மெயிலுக்கோ தொடர்புகொண்டு "திருச்சியில் இன்னார் உங்கள் ஆள் என்கிறாரே, உண்மையா" என்று கேளுங்கள். யாரோ ஒருவருடைய உரிம எண்ணைச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, அவருக்கே தெரியாமல் கடை நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

உரிமம் உள்ளவர் எழுத்து ஒப்பந்தம் போடுவார், என்ன வேலை, எவ்வளவு கூலி, எப்போது திருப்பித் தருவார் என்று அதில் இருக்கும். IMM 5476 என்ற படிவத்தில் உங்கள் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் வாங்கி, தான் இந்த விண்ணப்பத்தின் பிரதிநிதி என்று அரசுக்குச் சொல்வார். "எங்க பேரை எங்கேயும் போடாதீங்க, நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னால், அவர் உரிமம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் வங்கிக் கணக்கிலோ வேலை விவரத்திலோ பொய் எழுதினாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் ஐந்து வருஷம் கனடாவுக்குள் நுழையத் தடை. இதை நினைத்தால் எனக்கு 73,500 ரூபாயைவிட இதுதான் பயம், பணத்தை மறுபடியும் சம்பாதிக்கலாம்.

வேலை விசா என்றால் ஒரே ஒரு வரி போதும்

விசிட்டரைப் பற்றித்தான் எழுதுவேன் என்றேன், ஆனால் இதைச் சொல்லாமல் விட மனசில்லை. கனடாவில் வேலை என்று சொல்லி எல்.எம்.ஐ.ஏ.-வுக்கு ஐந்து லட்சம், பத்து லட்சம் கேட்பவர்களிடம் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். எல்.எம்.ஐ.ஏ. என்பது வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளி வாங்கும் அனுமதி. அதற்கு ஒரு வேலைக்கு 1,000 டாலர் கட்டணம், கட்ட வேண்டியவர் முதலாளி, அதைத் தொழிலாளியிடமிருந்து திரும்ப வசூலிப்பது சட்டப்படி தடை. ஆகவே உங்கள் கொட்டேஷனில் எல்.எம்.ஐ.ஏ. என்ற வரி இருந்தாலே அதற்கு மேல் எதையும் ஒப்பிட வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். வேலை பெர்மிட்டுக்குத் தொழிலாளி அரசுக்குக் கட்டுவது 155 டாலரும் பயோமெட்ரிக் 85 டாலரும்தான்.

பணம் கட்டும் நாள்

அரசுக் கட்டணத்தை உங்கள் கார்டிலேயே கட்டுங்கள். குடிவரவுத் துறையின் தளத்தில் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் கணக்கு திறந்தால், கட்டணம், ரசீது, கடிதம் எல்லாம் உங்கள் கண்ணெதிரே இருக்கும். ஏஜென்ட் தன் கணக்கு வழியாகத்தான் போடுவேன் என்றால், கட்டிய அன்றே அரசு ரசீதைக் கேளுங்கள். அது கனடிய டாலரில் இருக்கும், 570.00 என்று தெளிவாக இருக்கும். ஏஜென்டின் லெட்டர்பேடில் "எம்பசி ஃபீஸ் ரிசீவ்டு" என்று எழுதிக் கொடுப்பது அரசு ரசீது ஆகாது. யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் அரசுக் கட்டணம் என்று அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பி ஏமாந்துவிட்டது தெரிந்தால், இந்தியாவில் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வழி இருக்கும்.

கூலியையும் மொத்தமாக முன்னால் கொடுக்காமல், ஒப்பந்தம் கையெழுத்தானதும் கொஞ்சம், விண்ணப்பம் போய் அரசு அனுப்பும் எண் கைக்கு வந்ததும் மீதி என்று பேசிக்கொள்ளுங்கள். விசா மறுக்கப்பட்டால் 100 டாலர் திரும்பாது, அது எல்லாருக்கும் உள்ள விதி. அதனால் "விசா உறுதி" என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மறுநாள் மாமா அந்த ஏஜென்டுக்குப் போன் செய்து இரண்டே கேள்வி கேட்டார். உங்கள் உரிம எண் என்ன, 12 வயசுப் பையனுக்கு எதற்குப் பயோமெட்ரிக் காசு? எண் வரவில்லை. அரை மணி நேரத்தில் புது கொட்டேஷன் மட்டும் வந்தது, 95,000 ரூபாய், "உங்களுக்காக ஸ்பெஷல்" என்று. நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நாலு பேர் விண்ணப்பத்தையும் சேர்ந்து போட்டோம். நிலப் பத்திரம், சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்ற நாலு மணி நேரம் ஆனது. கடைசியில் மாமா தன் கார்டில் 570 டாலர் கட்டி, ரசீதை எனக்கும் அனுப்பிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.